செடில் காவடிப் படம் நீக்கப்பட்டால்: மேன்முறையீடு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் உள்ள எங்கள் ஊர் முருகன் கோவிலின் தேர்த் திருவிழாவன்று நான் எடுத்த மூன்று ஒளிப்படங்களைக் கோவிலின் சமூக வலைத்தளப் பக்கத்தில் அன்று மாலையே பதிவிட்டேன். முதலாவது படத்தில் செடில் காவடி எடுத்த இளைஞரின் முதுகு மட்டுமே இருந்தது. ஆறு முள்ளும் அவற்றிலிருந்து பின்னோக்கி இழுபட்ட கயிறுகளும் சட்டகத்தை நிறைத்திருந்தன. இரண்டாவது படத்தில் அதே இளைஞரைப் பக்கவாட்டிலிருந்து, முகமும் தோளில் காவடியும் கயிற்றைப் பிடித்து வரும் அவருடைய மாமாவும் தெரியும்படி எடுத்திருந்தேன். மூன்றாவது, உழவு இயந்திரத்தில் கட்டிய துலாவில் தொங்கி வந்த தூக்குக் காவடி. இரவுச் சாப்பாடு முடிவதற்குள் மூன்றும் நீக்கப்பட்டிருந்தன. முதல் இரண்டும் தற்காயத்தை ஊக்குவிப்பவை என்றும், மூன்றாவது வன்முறையான, கோரமான காட்சி என்றும் அறிவித்தல் வந்திருந்தது.

மனவருத்தத்தில் முதலாவது படத்திற்கு உடனே மேன்முறையீட்டுப் பொத்தானை அழுத்தி, "இது எங்கள் பண்பாடு, இதை நீக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்று எழுதி அனுப்பினேன். சிறிது நேரத்திலேயே முடிவு மாறாது என்று பதில் வந்தது. அந்தப் படத்திற்கு இரண்டாவது வாய்ப்புத் தரப்படவில்லை. மற்ற இரண்டையும் ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து, விதிகளைப் படித்து, வேறு விதமாக எழுதினேன். இரண்டும் திரும்பி வந்தன. அந்த ஒரு வாரத்தில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே முறைப்படி எழுதுகிறேன்.

முதலில் எதையும் அழுத்த வேண்டாம்

பெரும்பாலான தளங்களில் ஒரு பதிவிற்கு ஒரு மேன்முறையீடுதான் கிடைக்கும். யூடியூப்பில் ஒரு காணொளிக்கு வயதுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டால் அதை எதிர்த்து ஒரு முறை மட்டுமே கேட்கலாம். அவசரப்படுவதற்கும் தேவையில்லை: முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் மீளாய்வு கேட்பதற்கு 180 நாட்கள் வரை கால அவகாசம் உண்டு. ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது பதிவுசெய்து வைப்பது மட்டுமே. அறிவித்தல் முழுவதையும், நாளும் நேரமும் தெரியும்படி, திரைப்பிடிப்பாகச் சேமியுங்கள். பதிவின் இணைப்பையும், அதற்கு நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் தனியே எழுதி வையுங்கள். கமராவில் உள்ள மூலப் படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதியில் எடுத்த நாள் போன்ற விவரங்கள் நீங்கிவிடும் என்பதால் அது மூலத்திற்கு ஈடாகாது.

அதே படத்தை மீண்டும் தரவேற்றுவது இந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. நீக்கப்பட்ட படங்கள் பலவற்றின் எண்வடிவக் கைரேகையைத் தளங்கள் ஒரு களஞ்சியத்தில் சேர்த்து வைக்கின்றன. அதே படம் வேறு யாருடைய பக்கத்தில் ஏறினாலும் இயந்திரம் இனங்கண்டு உடனே அகற்றிவிடும், ஏற்றியவரின் கணக்கில் மீறலும் பதிவாகலாம். இந்தக் களஞ்சியத்தில் ஒரு படம் தவறுதலாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, மெட்டா நிறுவனத்தின் முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் மேற்பார்வைச் சபை 2022ஆம் ஆண்டில் தீர்த்த கொலம்பிய வழக்கு நல்ல சான்று. காவல்துறையைக் கண்டிக்கும் ஒரு கேலிச்சித்திரம் அக்களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டதால் அதைப் பகிர்ந்தவர்களின் பதிவுகள் எல்லாம் நீக்கப்பட்டன. அவர்களில் 215 பேர் மேன்முறையிட்டனர். அவற்றில் 98 சதவீதம் வெற்றி பெற்றன. அப்படியிருந்தும் சபைவரை வழக்குப் போகும்வரை அந்தச் சித்திரம் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்படவில்லை. எனவே, "நீங்களும் பகிருங்கள், எத்தனை பேருடையதை நீக்குவார்கள் பார்ப்போம்" என்று ஊர்ப் பிள்ளைகளைத் தூண்டிவிடுவது அவர்களுடைய கணக்குகளுக்கே தீங்காக முடியும்.

இயந்திரம் என்ன பார்த்தது என்று கண்டுபிடித்தல்

படத்தை ஏற்றிய சில நொடிகளில் நீக்கப்பட்டால் அதைச் செய்தது இயந்திரம் என்றே கொள்ளலாம். பல மணி நேரம் கழித்து, பலர் பார்த்த பின் நீக்கப்பட்டால் யாரோ முறையிட்டிருக்கக்கூடும். சில அறிவித்தல்களில் தங்களுடைய தொழில்நுட்பம் இதைக் கண்டறிந்தது என்றே எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டியாகச் செயற்படும் இயந்திரத்திற்கு நேர்த்திக்கடன் என்பது தெரியாது. கோடிக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றப்பட்ட அது, தோலைத் துளைத்த உலோகம், இழுபட்ட தசை, தொங்கும் உடல், எரியும் தரையில் மனிதர், சிவப்புத் திரவம் ஆகியவற்றை முன்பு கண்ட காயப் படங்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு மதிப்பெண் தருகிறது. அது குறித்த எல்லையைக் கடந்தால் நடவடிக்கை தொடங்கும். செடில் காவடியில் பெரும்பாலும் இரத்தம் வழிவதில்லை என்பதை நாம் அறிவோம்; ஆனால் முதுகில் வழிந்த குங்குமமும் வியர்வையும் கலந்த சிவப்பை இயந்திரம் அப்படி வாசிப்பதில்லை. விஜயதசமியன்று மானம்பூவில் வாழையை வெட்டும் வாளும், குங்குமம் தடவிப் பிளந்த நீற்றுப்பூசணியும் இதே காரணத்தால் சிக்கக்கூடியவை. மாறாக, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பதும், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பதும் எவ்வளவு அதிசயமானவை என்றாலும் அவற்றில் காயத்தைப் போன்ற எதுவும் இல்லாததால் இயந்திரத்தின் கண்ணுக்கு அவை சாதாரணப் படங்களே. நம்முடைய சடங்கு எவ்வளவு புனிதமானது என்பதற்கும் தடைக்கும் தொடர்பில்லை. சட்டகத்தில் என்ன உருவம் எவ்வளவு இடத்தைப் பிடித்தது என்பதற்கே தொடர்பு உண்டு.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூகிளின் Cloud Vision சேவையில் SafeSearch என்ற பகுதி, ஒரு படம் வன்முறை, மருத்துவம் போன்ற வகைகளில் அடங்கும் வாய்ப்பை VERY_UNLIKELY முதல் VERY_LIKELY வரையான நிலைகளில் சொல்லும். விடை இப்படி வரும்:

```
"medical": "POSSIBLE",
"violence": "LIKELY"
```

இது முகநூலின் வடிகட்டி அல்ல. அங்கே என்ன முடிவு வரும் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் ஒரே படத்தை முதுகு மட்டும், முதுகும் முகமும், கோவில் வீதி முழுவதும் என்று மூன்று விதமாக வெட்டிக் கொடுத்து, நிலை எங்கே மாறுகிறது என்று பார்த்தால், எந்தப் பகுதி இயந்திரத்தை உறுத்துகிறது என்பது புரியும். மேன்முறையீட்டில் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் அப்போது தெளிவாகும்.

என்ன நடவடிக்கை, எந்த விதி

அறிவித்தலில் இரண்டு விடயங்களைத் தேடுங்கள். முதலாவது, படம் நீக்கப்பட்டதா அல்லது எச்சரிக்கைத் திரையால் மூடப்பட்டதா என்பது. இரண்டாவது, அது எந்த விதியின்கீழ் நடந்தது என்பது. முகநூலில் Support Inbox என்ற இடத்திலும், இன்ஸ்டகிராமில் Account Status என்ற இடத்திலும் இவை இருக்கும். பட்டியல்களின் பெயர்களும் இடங்களும் அடிக்கடி மாறுவதால் உதவிப் பகுதியிலும் தேட வேண்டிவரலாம்.

எச்சரிக்கைத் திரை மட்டும் விழுந்திருந்தால், அதை எதிர்த்துப் போராட வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள். திரையை நீக்கக் கேட்கும் பொத்தான் எல்லா இடத்திலும் தரப்படுவதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் எனக்கு உண்டு. எறிகணைத் துண்டுகளை இன்னும் உடம்பில் சுமப்பவர்கள் வாழும் மண் இது. கிழிபடும்போல இழுபட்ட தோலின் நெருக்கப் படம் அவர்கள் கண்ணில் திடீரென்று படாமல், அவர்களாக விரும்பித் தொட்ட பின் திறப்பது நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நீக்கம் வேறு. தற்காயம் என்ற முத்திரை அதைவிடவும் வேறு. ஆண்டுதோறும் விரதமிருந்து நேர்த்தியை நிறைவேற்றும் ஒருவரை அது தன்னைத் தானே அழிக்க முயன்றவராகக் காட்டுகிறது. இவ்விரண்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

விதியின் பெயர் ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு விதிக்கும் எதிர்வாதம் வேறு. வன்முறை விதியின்கீழ் நீக்கப்பட்டால், ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்யவில்லை, பாரதூரமான காயமோ இரத்தப்போக்கோ இல்லை என்பதைக் காட்ட வேண்டும். தற்காய விதியின்கீழ் நீக்கப்பட்டால், இதன் நோக்கம் தன்னைக் காயப்படுத்துவது அல்ல, பெரியவர்கள் முன்னிலையில், பழகியவர்களால், பொது வழிபாட்டின் பகுதியாகச் செய்யப்படுவது, பார்ப்பவரைத் தனியே செய்யுமாறு தூண்டும் எதுவும் பதிவில் இல்லை என்பவற்றைக் காட்ட வேண்டும். முதலாவது விதிக்கான விடையை இரண்டாவதற்கு எழுதினால், வாசிப்பவர் நம் பக்கம் நியாயம் இருப்பதை உணர்ந்தாலும் முடிவை மாற்ற அவருக்கு இடம் கிடைக்காது.

மேன்முறையீட்டை எழுதுதல்

"எங்கள் பண்பாடு" என்ற வாதம் ஏன் தோற்றது என்று நான் பின்னர் புரிந்துகொண்டேன். மீளாய்வு செய்பவருக்கு முன்னால் இருப்பது படமும் விதியும். பண்பாடு என்பதால் ஒன்று அனுமதிக்கப்படும் என்று அந்த விதியில் பொதுவாக எழுதப்பட்டிருக்காது. ஆகவே படத்தில் அவர் காண்பதையே சுட்டி, அது விதியின் எந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஐந்தாறு வாக்கியங்கள் போதும். எழுதும் பெட்டி இல்லாமல் தெரிவுகள் மட்டும் தரப்பட்டால், சமயம் அல்லது ஆவணப்படுத்தல் என்பதற்கு மிக நெருங்கிய தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி இருந்தால் முதலில் ஆங்கிலத்தில் இரண்டு வரியும் அதன்கீழ் தமிழில் முழுமையாகவும் எழுதுவது நல்லது. தமிழ் தெரிந்தவரிடம்தான் அது போய்ச் சேரும் என்று உறுதியில்லை.

திரும்பி வந்த இரண்டாவது படத்திற்கு நான் எழுதியதன் தமிழ்ப் பகுதி இது:

"இப்படம் தற்காய விதியின்கீழ் நீக்கப்பட்டுள்ளது. இதில் உள்ளவர் வயதுவந்த பக்தர். இலங்கையின் வட மாகாணத்தில் உள்ள ஒரு முருகன் கோவிலின் தேர்த் திருவிழாவில், தாமே விரும்பி எடுத்துக்கொண்ட நேர்த்தியை நிறைவேற்றுகிறார். முதுகில் உள்ள முட்கள் தோலின் மேற்பகுதியில் மட்டும், இதில் பழக்கமுள்ள ஒருவரால் குத்தப்பட்டவை. படத்தில் இரத்தப்போக்கு இல்லை, முதுகில் உள்ள சிவப்பு நிறம் குங்குமம். படத்தின் வலப்புறத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவருடைய உறவினர். அவர் பக்தரைத் தாக்கவில்லை, காவடி ஆட்டத்தில் அவரைத் தாங்கி வருகிறார். பின்னால் கோவில் தேரும் வழிபடும் மக்களும் தெரிகின்றனர். பதிவின் விளக்கத்தில் திருவிழாவின் பெயரும் நாளும் மட்டுமே உள்ளன. தன்னைத் தானே காயப்படுத்துவதைப் போற்றும், கற்பிக்கும், தூண்டும் எதுவும் இல்லை."

இதில் எந்த வாக்கியமும் பக்தியைப் பற்றியோ மனப்புண்ணைப் பற்றியோ பேசவில்லை. ஒவ்வொன்றும் மீளாய்வாளர் படத்தைப் பார்த்துத் தாமே சரிபார்க்கக்கூடிய ஒன்றையோ, விதி கேட்கும் ஒன்றையோ சொல்கிறது. குங்குமத்தைப் பற்றிய வரியை மட்டும் மறக்க வேண்டாம். திருநீறும் குங்குமமும் அறியாத ஒருவருக்கு அது தானாகப் புலப்படாது. தூக்குக் காவடிப் படத்திற்கு, தொங்குபவர் கண் திறந்து கைகூப்பியிருப்பதையும், பல முட்கள் எடையைப் பங்கிடுவதையும், கழுத்தில் எந்தக் கயிறும் இல்லை என்பதையும் எழுதினேன். தொங்கும் உடல் என்றவுடன் வேறு பொருளில் வாசிக்கப்படுவதால் இந்தக் கடைசி வரி அவசியமானது.

சொன்னவை உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். படத்தில் இரத்தம் வழிந்திருந்தால் இல்லை என்று எழுதாதீர்கள். அப்படத்திற்கு மேன்முறையிடாமல் வேறொன்றைப் பதிவிடுங்கள். காவடி எடுத்தவர் சிறுவராக இருந்தால், அந்தப் படத்தை மீட்க முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விதிகள் தளங்கள் எல்லாவற்றிலும் கடுமையானவை, அவை அப்படி இருப்பதும் சரியானதே.

மறுத்தால் அடுத்த படி

முகநூலும் இன்ஸ்டகிராமும் மீளாய்விலும் மறுத்தால், சில சந்தர்ப்பங்களில் FB அல்லது IG என்று தொடங்கும் ஒரு குறிப்பெண்ணைத் தரும். அதைக் கொண்டு 15 நாட்களுக்குள், நான் மேலே சொன்ன மேற்பார்வைச் சபையின் இணையத்தளத்தில் முறையிடலாம். வருகின்ற முறையீடுகளில் மிகச் சிலவற்றையே சபை எடுத்து விசாரிக்கிறது என்பதை அறிந்தே அனுப்ப வேண்டும். ஆனாலும் இயந்திரத்தின் தவறுகளில் அதற்கு அக்கறை உண்டு. அதன் தொடக்க காலத்திலேயே, மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் பிரேசில் நாட்டுப் பதிவு ஒன்றைத் தானியங்கி முறைமை நிர்வாணம் என்று நீக்கியதை அது பிழை என்று தீர்ப்பளித்து, இயந்திரம் முடிவெடுத்தபோது அதைப் பயனருக்குச் சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சபைக்கான படிவத்தில் இடம் தாராளமாக இருப்பதால், சடங்கின் விளக்கத்தையும் கோவில் பரிபாலன சபை ஒப்புக்கொள்ளும் விவரங்களையும் அங்கே விரிவாக எழுதலாம்.

யூடியூப்பில் வழி வேறு. YouTube Studio தளத்தில் Content பட்டியலில் அந்தக் காணொளிக்கு நேரே Restrictions என்ற நிரலில் காரணமும் மேன்முறையீட்டு இணைப்பும் இருக்கும். கல்வி, ஆவணம், அறிவியல், கலை ஆகிய நோக்கங்களுக்கு அங்கே விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்த நோக்கம் தலைப்பிலோ விளக்கத்திலோ, எல்லாவற்றிலும் மேலாகக் காணொளிக்குள்ளேயோ தெரிய வேண்டும். பறை முழக்கத்தோடு நேரே முள்ளுக் குத்தும் காட்சியில் தொடங்கும் காணொளிக்கும், அது என்ன நேர்த்தி, எந்தக் கோவில், யார் குத்துகிறார் என்று முதல் அரை நிமிடத்தில் ஒருவர் பேசும் காணொளிக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு.

நம்மில் பலருக்குப் பயன்படக்கூடிய இன்னொரு வாசல் புலம்பெயர்ந்த உறவினர்களிடம் இருக்கிறது. பிரான்சிலோ ஜேர்மனியிலோ உள்ளவர் தம்முடைய கணக்கில் பதிவிட்ட படம் நீக்கப்பட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதன்படி நீக்கியதற்கான காரணத்தைத் தளம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதத்திற்குக் குறையாத காலத்திற்கு உள்முறையீடு ஏற்கப்பட வேண்டும். அந்த முறையீட்டின் முடிவு இயந்திரத்தால் மட்டும் எடுக்கப்படக் கூடாது. அதன் பின்னும் திருப்தி இல்லையென்றால், நீதிமன்றத்திற்கு வெளியே தகராறு தீர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பொன்றிடம் போகலாம். அந்த அமைப்பின் முடிவு தளத்தைக் கட்டுப்படுத்தாது என்பது இதன் குறை. பிரித்தானியாவிலும் கனடாவிலும் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நாம் வன்னியில் இருந்து பதிவிட்ட படத்திற்காக ஐரோப்பாவில் உள்ள உறவினர் முறையிடவும் முடியாது. அவருடைய சொந்தப் பதிவாக இருக்க வேண்டும்.

கணக்கின் பழைய பதிவுகள்

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் வருகிறது. நந்திக்கடலின் மறுபுறத்தில் முள்ளிவாய்க்கால் நினைவு நாள் மே 18இல் வருகிறது. இதனால் ஊர்ப் பக்கங்கள் பலவற்றில் திருவிழாப் படங்களும் 2009ஆம் ஆண்டுப் படங்களும் அடுத்தடுத்த நாட்களில் ஏறுகின்றன. போர்க்காலப் படங்களுக்காக அந்தக் கணக்கில் ஏற்கெனவே மீறல்கள் பதிவாகியிருந்தால், காவடிப் படத்தின் நீக்கமும் அவற்றின்மேல் சேர்ந்து கணக்கையே முடக்கலாம். மெட்டாவின் தளங்களில் ஒரு மீறல் பொதுவாக ஓராண்டின் பின் காலாவதியாகும். எனவே Account Status பகுதியில் பழையவை எத்தனை, எப்போது முடியும் என்று பார்த்து, திருவிழாவுக்குக் கோவில் பெயரில் தனிப் பக்கத்தையும், நினைவேந்தலுக்கு வேறு பக்கத்தையும் பேணுங்கள். நினைவேந்தலை ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனியே இருந்தால்தான் ஒன்றிற்கான வாதம் மற்றதால் மங்காமல் இருக்கும். ஒரே பதிவில் பல படங்களைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு படத்திற்காக முழுத் தொகுப்பும் போய்விடுவதுண்டு.

அடுத்த திருவிழாவில் எடுக்கும்போது

இப்போது நான் முள் குத்தும் கணத்தையும் முதுகின் நெருக்கத்தையும் கோவிலின் ஆவணத்திற்காக எடுத்துத் தனியே சேமிக்கிறேன், அவை பதிவேறுவதில்லை. பதிவிடுபவற்றில் பக்தரின் முகம், காவடியின் மயிலிறகு, பின்னால் கோபுரம் அல்லது தேர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சட்டகத்தில் இருக்குமாறு நான்கைந்து அடி பின்னால் நின்று எடுக்கிறேன். தீமிதிப்பில் பாதத்தையும் தணலையும் மட்டும் நிரப்பாமல், பூக்குழிக்கு அப்பால் நிற்கும் மக்களையும் சேர்க்கிறேன். விளக்கத்தின் முதல் வரியிலேயே கோவிலும் சடங்கும் நேர்த்தியும் வந்துவிடும். படத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டு, வயதையும் குறித்து வைக்கிறேன்; மேன்முறையீட்டில் "வயதுவந்தவர், தாமே விரும்பியவர்" என்று எழுதுவதற்கு முன் அதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும்.

எனது முதலாவது படம் இன்றுவரை தளத்தில் இல்லை. அச்சிட்டுச் சட்டமிட்டு அந்த இளைஞரின் வீட்டுக்குக் கொடுத்தேன். சாமியறைக்கு வெளியே, சுவரில் அது மாட்டப்பட்டிருக்கிறது.